டிரிப் பைபாஸில் இருக்கிறது, கப்பல் வந்துகொண்டிருக்கிறது: சேஃப்டி ஆபீசர் முன்னால் இருக்கும் வழிகள்

மணலி, எண்ணூர் பக்கம் சேஃப்டி ஆபீசராக இருக்கும் தம்பிகள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "ஆபத்து இருக்குன்னு சொல்லிட்டேன் சார், மேனேஜ்மென்ட் கண்டுக்கல. இப்ப நான் என்ன பண்றது?" எழுதிக் கொடுத்துவிட்டு இருப்பதா, கையெழுத்துப் போட மறுப்பதா, டைரக்டரிடம் போவதா, இன்ஸ்பெக்டருக்குச் சொல்வதா, பத்திரிகைக்குப் போவதா, வேலையையே விடுவதா? இவற்றைத் துணிச்சல் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாகப் பேசுவதுதான் வழக்கம். எனக்கு அந்த வரிசையில் நம்பிக்கை இல்லை. ஒரு வழியின் மதிப்பை முடிவு செய்வது நேரம். ஆபத்து நிகழக்கூடிய அடுத்த தருணத்துக்கு முன்னால் அந்த வழி வேலை செய்து முடிக்குமா என்பதுதான் முதல் கேள்வி. ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு எல்லா வழிகளையும் அதில் வைத்துப் பார்க்கிறேன். உதாரணம் நான் அமைத்தது. ஆனால் இந்தப் பகுதியில் டேங்க் ஃபார்மில் வேலை பார்த்த எவருக்கும் இது பழக்கமானதாகவே இருக்கும்.

ஒரு ரசாயனத் தொழிற்சாலை. ஜெட்டியிலிருந்து குழாய் வழியாக, எளிதில் தீப்பற்றும் திரவமான டொலுயின் வந்து சேரும் மூன்று டேங்குகள். அதில் ஒரு டேங்கை மட்டும் பார்ப்போம். கணக்குக்கு வசதியாக, ஒரு மீட்டர் உயரத்துக்கு 100 கிலோலிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 11.8 மீட்டரில் கூரையோரத் திறப்புகள் வழியாக வழிய ஆரம்பிக்கும். கன்ட்ரோல் ரூமில் தெரியும் லெவல் கேஜ் 10.5 மீட்டரில் அலாரம் அடிக்கும். அந்த கேஜுக்குச் சம்பந்தமே இல்லாமல் தனியாக ஒரு ஹை லெவல் ஸ்விட்ச் 11.2 மீட்டரில் இருக்கிறது. தொட்டதும் உள்ளே வரும் வால்வை அதுவே மூடிவிடும். அந்த ஸ்விட்ச் இரண்டு முறை காரணமில்லாமல் டிரிப் ஆகி, கப்பல் காத்திருக்க நேர்ந்தது. மூன்றாவது முறை இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள் ஒயரால் ஜம்பர் போட்டு, ஸ்விட்ச் வால்வை மூடாதபடி பைபாஸ் செய்தார்கள். ஸ்பேர் வர ஆறு வாரம். பைபாஸ் ஃபார்மில் 24 மணி நேரம்தான் அனுமதி என்று அச்சடித்திருக்கிறது. ஷிஃப்ட் இன்சார்ஜ் தினமும் புதுப்பித்துக்கொண்டே வருகிறார். ஃபார்மின் கீழே மூன்று கையெழுத்து: புரொடக்‌ஷன், இன்ஸ்ட்ருமென்ட், சேஃப்டி.

இதில் என்ன ஆபத்து என்று மேனேஜர் கேட்பார். "கேஜ் நல்லாத்தானே இருக்கு, அலாரம் அடிச்சா பையன் வால்வை மூடப் போறான்." கேஜ் மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான் ஆபத்து. 2005 டிசம்பர் 11 காலை இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டில் நடந்தது இதுதான். பெட்ரோல் டேங்கின் கேஜ் ஒரே அளவில் நின்றுவிட்டது. தனி ஹை லெவல் ஸ்விட்சும் வேலை செய்யவில்லை. டேங்க் வழிய ஆரம்பித்து அரை மணி நேரத்துக்குள் வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை, நாற்பது பேருக்கு மேல் காயம். கூரையிலிருந்து திரவம் விழும்போது சிதறித் துளிகளாகிக் காற்றோடு கலக்கிறது. காற்று அசையாத விடிகாலையில் அந்த ஆவி தரையோடு பரவி நெருப்பைத் தேடிப் போகிறது.

பற்றக்கூடிய அளவு ஆவி கிளம்பத் தொடங்கும் வெப்பநிலைதான் ஃப்ளாஷ் பாயின்ட். டொலுயினுக்கு அது சுமார் 4 டிகிரி செல்சியஸ். சென்னையில் மார்கழி விடிகாலையில்கூட அதைத் தாண்டித்தான் இருக்கிறோம். ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். காற்றில் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலே பற்றும். டேங்கைச் சுற்றிக் கட்டிய டைக் சுவர் திரவத்தைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. மதில் சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்று எண்ணூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசை. லாரிக்குப் பக்கத்தில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடிக்கும் டிரைவரும் கிளீனரும். பிளாண்டுக்குள் செல்ஃபோனைக்கூடக் கேட்டில் வாங்கி வைக்கிறோம். நூறடி தள்ளி எரியும் அந்த ஸ்டவ்வுக்கு நம் பர்மிட் எதுவும் கிடையாது.

முதல் வழி எழுதிக் கொடுப்பது. சட்டப்படி நம் பதவியின் அடித்தளமே இதுதான். தொழிற்சாலைகள் சட்டம் 1948-ன் 40-பி பிரிவும் அதன்கீழ் வந்த விதிகளும் சேஃப்டி ஆபீசரை நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்பவராகத்தான் வைத்தன. பாதுகாப்பை உறுதி செய்யும் கடமை, தொழிற்சாலையின் இறுதிப் பொறுப்பாளரான ஆக்குபையருக்கு. கம்பெனியாக இருந்தால் டைரக்டர்களில் ஒருவர்தான் ஆக்குபையர். அதனால், "ஆலோசனை சொல்லிட்டேன், என் கடமை முடிஞ்சுது" என்று ஒருவர் சொன்னால் காகிதத்தில் அதைத் தப்பென்று நிறுவுவது கடினம்.

ஆனால் மெயில் அனுப்பிய பிறகும் ஸ்விட்ச் பைபாஸில்தான் இருக்கிறது. அந்த மெயில் என்னைக் காப்பாற்றும், ராத்திரி ஷிஃப்டில் டைக் பக்கம் ரவுண்ட்ஸ் போகும் ஆபரேட்டரைக் காப்பாற்றாது. அதோடு நம்மில் பலர் எழுதும் விதத்தில் நிர்வாகத்தால் எதுவும் செய்யவே முடியாது. "டேங்க் பாதுகாப்பு இன்டர்லாக் வேலை செய்யவில்லை, உடனடி நடவடிக்கை தேவை" என்று எழுதினால், "நோட்டட்" என்று பதில் வரும். எழுதுவதானால் இந்த டேங்க், இந்த ஸ்விட்ச், இந்தத் தேதியிலிருந்து பைபாஸ், அடுத்த கப்பல் இந்தத் தேதி, அதற்குள் இது அல்லது இது நடக்க வேண்டும், நடக்காவிட்டால் கப்பல் சரக்கை டேங்கில் வாங்கும் ரிசீட்டுக்கு என் ஒப்புதல் இல்லை என்று எழுத வேண்டும். கப்பல் தேதி இல்லாத கடிதத்துக்கு அவசரம் இருக்காது. எழுதிக் கொடுப்பது மற்ற எல்லா வழிகளுக்கும் தேவையான முதல் படி. அதைக் கடைசிப் படியாகவும் ஆக்கிக்கொள்வதுதான் தவறு.

இரண்டாவது வழி நிபந்தனையோடு ஓட்ட விடுவது. இதில் நான் நிறைய நேரம் செலவழிக்கப் போகிறேன். இதைச் சமரசம் என்று ஒதுக்குபவர்களும் இதிலேயே குடியிருந்துவிடுபவர்களும் ஒரே அளவு தவறு செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

முதல் கப்பல் நான்கு நாளில் வருகிறது. மொத்தம் 1,800 கிலோலிட்டர், மூன்று டேங்குக்கும் பிரித்து. நம் டேங்கில் 350 இருக்கிறது, இன்னும் 600 வர வேண்டும். பம்பிங் வேகம் மணிக்கு 150. மேனேஜர் கணக்குப் போடுகிறார்: 350, 600, ஆக 950. அதாவது 9.5 மீட்டர். வழியும் உயரத்துக்கு இன்னும் 2.3 மீட்டர் இருக்கிறது, டிரிப்பே தேவையில்லை.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள். 350 என்ற எண்ணே கேஜ் சொன்னது. கேஜ் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால், உள்ளே 650 இருந்தால், 12.5 மீட்டருக்குப் போக வேண்டிய சரக்கு 11.8-லேயே வழிந்துவிடும். இரண்டாவது, 600 முடிந்ததும் வால்வை அடுத்த டேங்குக்கு மாற்ற வேண்டும். மாற்ற மறந்தாலோ, அந்த வால்வு முழுசாக மூடாமல் விட்டாலோ, கப்பலில் மிச்சமிருக்கும் 1,200-ம் இதே டேங்குக்குத்தான் வரும். 9.5-லிருந்து 11.8 போக ஒன்றரை மணி நேரம் போதும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒன்றரை மணி நேரம் எப்படிப் போகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதற்குப் புரொடக்‌ஷன் தரும் பதில் எப்போதும் ஒன்றுதான். "மணிக்கு ஒருதரம் ஆளை ஏத்தி டிப் எடுத்துடலாம் சார்." டேங்க் மேலிருந்து டேப்பை உள்ளே விட்டுக் கையால் உயரம் அளப்பதுதான் டிப். கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் இது புதிய ஆபத்து. டொலுயின் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. குழாயில் வேகமாக ஓடும்போது நிலைமின்னூட்டம் சேர்ந்து டேங்குக்குள் வந்துவிடும், உடனே இறங்காது. பம்பிங் ஓடும்போது மேலே நின்று உலோக டேப்பை உள்ளே விட்டால், ஆவி நிறைந்த வாயில் பொறி பறக்கலாம். அதனால்தான் பம்பிங் நின்று 30 நிமிடம் கழித்தே டிப் எடுக்க வேண்டும் என்ற வழக்கம். தரை வரை போகும் கேஜ் குழாய் உள்ள டேங்க் என்றால் நிலைமை வேறு, நம் டேங்கில் அது இல்லை. ஆபத்தைக் குறைக்க ஏற்பாடு செய்கிறோம் என்ற பெயரில் ஒரு கான்ட்ராக்ட் பையனைக் கூரைமேல் ஏற்றுகிறோம். இந்த "தற்காலிக ஏற்பாட்டுக்கு" கையெழுத்துப் போடுவதைவிட ஒன்றும் செய்யாமல் இருப்பது மேல் என்றே சொல்வேன்.

சரியான ஏற்பாடு வேறு, அதற்குச் செலவும் பெரிதாக இல்லை. கப்பல் வருவதற்கு முன், டேங்க் அசையாமல் இருக்கும்போது, கையால் டிப் எடுத்து 3.5 மீட்டர்தான் என்று உறுதி செய்வது ஒன்று. இந்த டேங்கைக் கடைசியாக நிரப்புவது இன்னொன்று. முதல் இரண்டு டேங்குகளும் தங்கள் பங்கை வாங்கிக்கொண்ட பிறகு கப்பலில் இருப்பதே 600தான். யார் எதை மறந்தாலும் 600-க்கு மேல் வர முடியாது, 9.5-க்கு மேல் ஏற முடியாது. கப்பலில் மிச்சம் எவ்வளவு என்பதைக் கப்பல் ஆட்களிடமே அளந்து வாங்கிக்கொள்ளலாம். பாதி வந்ததும் நிறுத்தி, அரை மணி நேரம் விட்டு, ஒரு டிப் எடுத்து, கேஜும் டிப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். மொத்தத்தில் கப்பலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகும். ஸ்விட்ச் செய்த வேலையை இங்கே சரக்கின் அளவே செய்துவிடுகிறது.

இப்படிப்பட்ட ஏற்பாடு கிடைக்கும்போது, "ஸ்விட்சை சரி பண்ணாம கப்பலே வரக் கூடாது" என்று நிற்பது தொழில் நேர்மை என்று எனக்குத் தோன்றவில்லை. நம் கடமை ஆபத்தைக் கட்டுப்படுத்துவது. விதியில் எழுதிய கருவி மட்டும்தான் அதைச் செய்யும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. அதே சமயம் இந்த ஒப்புதலில் காலக்கெடு இருந்தே ஆக வேண்டும். "இந்த ஒரு கப்பலுக்கு மட்டும், இந்த நிபந்தனைகளோடு" என்று ஃபார்மிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நிபந்தனைகளில் ஒன்று விட்டுப்போனாலும் ஒப்புதல் இல்லை என்பதையும் அங்கேயே எழுத வேண்டும். வாயால் சொன்ன நிபந்தனை அடுத்த ஷிஃப்டுக்குப் போய்ச் சேராது.

உண்மையான சங்கடம் இரண்டாவது கப்பலில் வருகிறது. மூன்று வாரம் கழித்து வரும் கப்பலின் சரக்கு இந்த டேங்குக்கு முதலில், பிறகு மற்றவற்றுக்கு. மார்க்கெட்டிங் கேட்கிறது, இந்த டேங்கிலிருந்துதான் லாரி லோடிங் நடக்க வேண்டும் என்று. உள்ளே 300 இருக்கிறது, 800 வாங்க வேண்டும். முடிவில் 11.0 மீட்டர். வழிவதற்கு 0.8 மீட்டர்தான் இடைவெளி, அதாவது 32 நிமிடம். 10.5-ல் அடிக்க வேண்டிய அலாரம் ஒவ்வொரு முறையும் அடித்தே தீரும், அதனால் அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். நிபந்தனைகளைச் சொல்கிறீர்கள். "போன தடவை ஒண்ணும் ஆகலையே சார்" என்கிறார் மேனேஜர்.

போன தடவை ஒன்றும் ஆகாததற்குக் காரணமே அந்த நிபந்தனைகள்தான். அவற்றை எடுத்துவிட்டுப் பலனை மட்டும் ஆதாரமாகக் காட்டுகிறார். போபாலில் 1984 டிசம்பருக்கு முன் பல மாதங்கள் இப்படித்தான் ஓடின. ஜூன் மாதம் குளிரூட்டும் அமைப்பை நிறுத்தினார்கள், வெளியேறும் வாயுவை எரிக்கும் ஃப்ளேர் டவரின் குழாய் பழுது பார்க்கக் கழற்றப்பட்டிருந்தது, வாயுவைக் கழுவி நீக்கும் ஸ்க்ரப்பர் தயார் நிலையில் மட்டும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நேரத்தில் ஒரு காரணம் இருந்தது.

மூன்றாவது வழி கையெழுத்தை நிறுத்துவது. மற்ற வழிகளைவிட இதற்கு ஒரு பெரிய அனுகூலம், இன்றைக்கே வேலை செய்யும். ஃபார்மில் மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் ஷிஃப்ட் இன்சார்ஜ் தயங்குவார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது, பிரச்சினை வந்தால் முதலில் தன் பெயர்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். பல இடங்களில் விஷயம் இங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். சேஃப்டி கட்டத்தை நீக்கிய புதிய ஃபார்ம் வரும். அல்லது நம் ஜூனியரைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். தரமணி ரீஜனல் லேபர் இன்ஸ்டிட்யூட்டில் டிப்ளமோ முடித்து ஆறு மாதம் ஆன பையன், புரொபேஷன் இன்னும் முடியவில்லை. இந்த இடத்தில் நம் கடமை அவனிடம் இருக்கிறது. நான் மறுத்தேன், ஏன் மறுத்தேன், இந்த 32 நிமிடக் கணக்கு இது என்று அவனிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். சொல்லாமல் மறுத்துவிட்டு லீவில் போவது அவன் தலையில் கட்டுவதுதான். மறுத்த விஷயத்தை ஷிஃப்ட் லாக்கிலும் பதிய வேண்டும். ராத்திரி வருபவருக்கு ஸ்விட்ச் பைபாஸில் இருப்பது தெரியாமல் போனால், "ஏதாவது ஆனா டிரிப் ஆயிடும்" என்ற நம்பிக்கையில் அவர் டீ குடிக்கப் போவார்.

நான்காவது வழி மேனேஜரைத் தாண்டி மேலே போவது. ஆக்குபையராகப் பெயர் கொடுத்திருக்கும் டைரக்டருக்கு ஒரு பக்கத்தில் எழுதலாம். சேஃப்டி ஆபீசர் நிறுவனத்தின் தலைமை அதிகாரியின்கீழ் நேரடியாக வேலை செய்யும் பதவி என்றே விதிகள் வைத்திருக்கின்றன, எனவே இதை யாரையும் மீறியதாகக் கருத வேண்டியதில்லை. 1948 சட்டத்தின் 96-ஏ பிரிவில் அபாயகரச் செயல்முறை விதிகளை மீறினால் 7 ஆண்டு வரை சிறை என்று இருந்தது. பிளாண்ட் மேனேஜருக்குத் தெரியாததா? தெரியும். சென்னையிலோ மும்பையிலோ உட்கார்ந்திருக்கும் டைரக்டருக்குத்தான் இந்த டேங்க் நம்பரே தெரியாது. கப்பல் காத்திருந்தால் எவ்வளவு டெமரேஜ் என்பது அவர் மேசைக்குப் போகும், 32 நிமிடக் கணக்கு போகாது. அதைக் கொண்டுபோய் வைப்பதுதான் இந்தக் கடிதத்தின் வேலை. லிஸ்டட் கம்பெனியாக இருந்தால் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177-வது பிரிவின்கீழ், ஊழியர்கள் முறைகேட்டைத் தெரிவிக்கும் விஜில் மெக்கானிசம் இருக்க வேண்டும், ஆடிட் கமிட்டி தலைவரை நேரடியாக அணுகலாம். ஆனால் அது நிதி முறைகேடுகளையே பார்த்துப் பழகிய வழி. மெதுவாக நகரும். கப்பல் மூன்று நாளில் என்றால் டைரக்டருக்கு ஃபோன் செய்துவிட்டு மெயில் அனுப்புங்கள்.

சேஃப்டி கமிட்டியையும் இங்கேயே சேர்க்க வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிகள் சரிபாதி உட்கார வேண்டிய கமிட்டி அது. உடனடி ஆபத்து என்று அஞ்சும் தொழிலாளி நிர்வாகத்துக்கும் அதே நேரத்தில் இன்ஸ்பெக்டருக்கும் சொல்லலாம் என்பது போபாலுக்குப் பிறகு 1987-ல் சேர்த்த 41-எச் பிரிவு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020-லும் அந்த உரிமை தொடர்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டாலும் பிளாண்டில் எல்லோரும் பேசுவது பழைய எண்களில்தான், அதனால் நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்த உரிமையில் ஒரு நெறிச்சிக்கல் ஒளிந்திருக்கிறது. உரிமை தொழிலாளிக்கு. சேஃப்டி ஆபீசருக்குத் தன் பெயர் வெளியே வராமல் காரியம் நடக்க இது வசதியான பாதையாகத் தெரியும். எர்ணாவூரிலிருந்து வரும் கான்ட்ராக்ட் ஆபரேட்டரிடம் போய், "நீ எழுதிக் குடுப்பா, சட்டம் உன் பக்கம் இருக்கு" என்று சொல்வது எளிது. மறுநாள் அவருக்கு கேட் பாஸ் புதுப்பிக்கப்படாது. கேட்டால் கான்ட்ராக்டர் மாறிவிட்டார் என்பார்கள். சம்பளமும் பதவியும் உள்ள நாம், இரண்டும் இல்லாதவரை முன்னால் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருக்குத் தகவல் சொல்வது கடமை: ஸ்விட்ச் பைபாஸில் இருக்கிறது, ரிசீட் ஓடும்போது டைக் பக்கம் போகாதே, மூக்கில் வாடை வந்தால் முதலில் வெளியே போ, பிறகு கூப்பிடு. அது அவருக்குத் தெரிய வேண்டிய விஷயம், சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. தெரிந்துகொண்ட பிறகு அவராகவோ சங்கத்தின் மூலமாகவோ புகார் கொடுத்தால் அது அவர் உரிமை. நாம் எழுத வேண்டிய கடிதத்தை அவர் கையால் எழுதவைக்கக் கூடாது.

ஐந்தாவது வழி வெளியே போவது. தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது. டொலுயின் பெட்ரோலியம் வகுப்பு ஏ-யில் வருவதால் சேமிப்பு லைசென்ஸ் மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவிடம். பேச்சு வழக்கில் இன்னும் எக்ஸ்ப்ளோசிவ்ஸ் டிபார்ட்மென்ட் என்போம். பிளாண்டை நிறுத்தும் அதிகாரம் இன்ஸ்பெக்டரேட்டுக்கு உண்டு. நம்மிடம் இல்லாத அதிகாரம் அது ஒன்றுதான்.

இங்கே எழும் கேள்வி விசுவாசம் பற்றியது. சம்பளம் கொடுக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பதா? உள்விவகாரம் என்று சொல்வதற்கு ஒரு எல்லை உண்டு, என் பார்வையில் அது மதில் சுவர்தான். ஆபத்து சுவருக்குள் இருக்கும் கருவிக்கு மட்டும் என்றால் நிர்வாகத்தின் முடிவுக்கு இடம் கொடுக்கலாம். சுவரைத் தாண்டும் ஆவி என்றால், அதைத் தாங்கிக்கொள்ளப் போகிறவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் அம்மோனியா குழாய் கசிந்தபோது, கண் எரிந்து மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்த மக்களுக்கு என்ன கசிகிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதே தெரியவில்லை. அந்த மக்களுக்காகப் பேசக்கூடிய இடத்தில், தகவல் கையில் இருக்கும் இடத்தில், அன்றைக்கு யாரோ ஒரு சேஃப்டி ஆபீசர் மட்டும்தான் இருப்பார். நிபந்தனைகளை நிர்வாகம் ஏற்க மறுத்து, டைரக்டரும் பதில் சொல்லாமல், கப்பல் வரப்போகிறது என்றால், வெளியே சொல்வது நம் தொழிலின் கடமை என்றே நான் நினைக்கிறேன். அதுவரை சொல்லாமல் இருப்பதற்கு நியாயம் உண்டு. அதற்குப் பிறகு இல்லை.

வெளியே போவதானால் பயன்படும்படி போக வேண்டும். "இந்த ஃபேக்டரியில் பாதுகாப்பே இல்லை" என்ற மொட்டைக் கடிதம் அடுக்கில் சேர்ந்துவிடும். டேங்க் நம்பர், ஸ்விட்ச் டேக் நம்பர், பைபாஸ் தேதி, கப்பல் தேதி, எந்த உயரம் வரை நிரப்பத் திட்டம், ஜம்பர் எந்தப் பேனலில் இருக்கிறது என்று எழுதினால், இன்ஸ்பெக்டர் கேட்டில் நுழைந்து பத்து நிமிடத்தில் உண்மையைக் கண்ணால் பார்த்துவிடலாம். புகார் கொடுத்தவர் பெயரை ரகசியமாக வைக்க வேண்டும், புகாரின் பேரில் வந்ததாகக்கூடச் சொல்லக் கூடாது என்று 1948 சட்டத்தின் 118-ஏ பிரிவு இன்ஸ்பெக்டரைக் கட்டுப்படுத்தியது. கடிதத்திலும் அதைக் கேட்டு எழுதுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஜம்பர் இருக்கும் பேனல் தெரிந்தவர்கள் பிளாண்டில் நாலு பேர்தான், யார் சொன்னது என்று அன்று மாலையே ஊகித்துவிடுவார்கள். விசில் ப்ளோயர் சட்டம் 2014 அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது, தனியார் பிளாண்டில் இருக்கும் நமக்குப் பொருந்தாது. அதனால் வெளியே சொல்லும் முன் உள்ளே எழுதிய கடிதங்களின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும், வீட்டில் பேசியிருக்க வேண்டும். இந்த விலை உண்மையானது, அதை மறைத்துவிட்டு யாரையும் தைரியமாக இரு என்று சொல்ல எனக்கு மனம் இல்லை.

பத்திரிகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போபாலில் ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982-லிருந்தே அந்தத் தொழிற்சாலை பற்றி எச்சரித்து எழுதினார். அவர் எழுதியது சரியாகவே இருந்தது, ஆனாலும் எதுவும் நிற்கவில்லை. அச்சில் வரும் செய்திக்கு வால்வை மூடும் அதிகாரம் இல்லை. மூன்று நாளில் வரும் கப்பலுக்கு அது பதில் ஆகாது. வாட்ஸ்அப்பில் பேனல் படத்தைப் போடுவது இன்னும் மோசம். தெருவில் பீதி கிளம்பும், பைபாஸ் அப்படியே இருக்கும், பிளாண்ட் படத்தை வெளியே விட்டதற்காக உங்கள்மேல் நடவடிக்கை எடுக்க நிர்வாகத்துக்கு ஒரு காரணமும் கிடைக்கும். அரசுத் துறைகளும் அசையாமல் மாதக்கணக்காகும் ஆபத்துக்குத்தான் பத்திரிகை சரியான இடம்.

கடைசியாக ராஜினாமா. மனசாட்சிக்கு நிம்மதி தருவதால் இதை உயர்ந்த வழியாகப் பலர் நினைக்கிறார்கள். நான் இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், நீங்கள் போன அன்று அந்த 32 நிமிடம் என்ன என்று தெரிந்த ஒருவர் பிளாண்டில் குறைகிறார். நாற்காலி நிரப்பப்படும் வரை மூன்றாவது கட்டத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பொய்யான ரெகார்டில் கையெழுத்துப் போடச் சொல்லி நிர்பந்தித்தால், அல்லது டிப் எடுக்காத டிப் ஷீட்டை நிரப்பச் சொன்னால், போவது நியாயம். போவதானாலும் கப்பலுக்கு முந்தைய நாள் போகக் கூடாது. இன்ஸ்பெக்டரேட்டுக்கு எழுதியாகிவிட்டதா, ஜூனியருக்குக் கணக்கு புரிந்ததா, ஹேண்ட்ஓவர் நோட்டின் முதல் வரியில் டேங்க் நம்பரும் ஸ்விட்ச் டேக் நம்பரும் பைபாஸ் தேதியும் இருக்கிறதா, அதன் நகலில் வாங்கியவர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகு ராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள்.